‘நிண்டு பிடிக்க’ ட்ரமடோல்: 200 மில்லிகிராமில் நிற்கும் ஒருவருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. கிளிநொச்சிப் பக்கம். நெல்லு வெட்டிற மெசின் ஓடுறன். கலியாணம் செய்து மூண்டு வருஷம். சீசன் நேரம் ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் வீட்டை வாறது. வந்தால் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். கூட வேலை செய்யிற பொடியன் ஒருத்தன் ட்ரமடோல் 50 தந்தான். முதல் நல்லாய் வேலை செய்தது. எட்டு மாசத்தில இப்ப நாளுக்கு 200 எடுக்கிறன், நோவுக்கும் வேலைக்கும் அதுதான். சில நாள் அரை மணித்தியாலம் போயும் வராது, சில நாள் ஒண்டுமே இல்லை. எடுக்காத நாள் முந்தியைவிடக் கெதியாய் முடியுது. 2009 இல தலையில பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளுக்கு இருக்கு. கால் நோவுக்கு கிளினிக்கில அமிட்ரிப்டிலின் 25 இரவில தாறாங்கள். போன மாசம் ஒரு இரவு வேர்த்துக் கொட்டி, கை கால் உதறினது. மனிசிக்கு ஒண்டும் தெரியாது. குளிசையை இன்னும் கூட்டலாமோ, வேற நல்லது இருக்கோ?

பதில்:

தம்பி, கூட்ட வேண்டாம். அதே நேரம் நாளைக்கே முழுவதையும் நிறுத்தவும் வேண்டாம். இரண்டுமே உங்களுக்கு ஆபத்து. இந்தக் கிழமைக்குள் ஒரு வைத்தியரிடம் போக வேண்டும். அதுவரை இப்போது எடுக்கும் அளவுக்கு மேல் ஒரு கப்சியூல்கூட வேண்டாம். அதோடு சாராயம், கள்ளு, பியர் எதுவும் வேண்டாம். மெசினிலும் ஏற வேண்டாம், ஏன் என்று கீழே வருகிறது.

ட்ரமடோல் ஒரு மருந்துபோலத் தெரிந்தாலும் உடம்புக்குள் இரண்டு வேலை செய்கிறது. நீங்கள் விழுங்கும் மருந்து, அதே உருவில், நரம்புகளுக்கிடையில் செரட்டோனின், நோரட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்களைக் கூடுதலாக நிற்க வைக்கிறது. செரட்டோனின் கூடினால் விந்து வெளியேறுவது தாமதமாகும். உங்களுக்குக் கிடைத்த அந்த ‘நிண்டு பிடிக்கிற’ நேரத்தின் பெரும்பங்கு இதனால் வந்தது. ஈரல் அந்த மருந்தில் ஒரு பகுதியை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள் மோர்பீனின் இனத்தைச் சேர்ந்தது. நோவு குறைவது, உடம்பு இலேசாக இருப்பது, நாள்பட அது இல்லாமல் இருக்க முடியாமற்போவது எல்லாம் பெரும்பாலும் அதனால்தான்.

மருந்து வேலையே செய்யாது என்று சொன்னால் அது பொய். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விந்து முந்துபவர்களுக்கு 62, 89 மில்லிகிராம் அளவில், வாயில் கரையும் ட்ரமடோல் குளிசை கொடுத்து ஐரோப்பாவில் 12 கிழமை பார்த்த ஒரு ஆய்வில், நேரம் ஏறக்குறைய இரண்டரை மடங்கானது. மருந்தே இல்லாத போலிக் குளிசை எடுத்தவர்களுக்கும் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போனது. அதாவது ஒரு நிமிடம் நின்றவருக்கு மருந்தால் இரண்டரை நிமிடம், வெறும் நம்பிக்கையால் ஒன்றரை நிமிடம். இடையில் உள்ள ஒரு நிமிடம்தான் மருந்தின் பங்கு. அதிலும் 62 இலிருந்து 89 க்குக் கூட்டியபோது மேலதிகமாகக் கிடைத்தது மிகச் சொற்பம். 200 க்குப் போனால் நான்கு மடங்கு நேரம் வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கூடுவது பக்கவிளைவு.

சில நாள் அரை மணித்தியாலம், சில நாள் ஒன்றுமில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. முதலாவது, ஈரல் அந்த மாற்றத்தைச் செய்யும் வேகம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு மிக மெதுவாக நடக்கும், சிலருக்கு மிக வேகமாக. உங்கள் கூட்டாளிக்கு 50 இல் கிடைத்தது உங்களுக்கு எதில் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேகமாக மாற்றுபவருக்கு வழமையான அளவே மூச்சை மந்தப்படுத்தலாம். இரண்டாவது, நேரம். சாதாரண கப்சியூல் இரத்தத்தில் உச்சத்துக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுக்கும். மெதுவாகக் கரையும் வகை என்றால் ஐந்து மணித்தியாலம் வரை போகும். இரண்டும் மருந்துக்கடையில் உண்டு, மட்டையைப் பார்க்காமல் கைமாறும்போது எது எது என்று தெரியாது. எட்டு மணிக்கு எடுத்து ஒன்பதரைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னுமொன்றைப் போடுவார்கள். முதலாவது நள்ளிரவில் ஏறும்போது இரண்டாவதும் சேர்ந்து ஏறும். பாதி மருந்து உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் எடுக்கும் என்பதால், காலையில் வேலைக்கு எடுத்ததும் இரவு எடுத்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். மெதுவாகக் கரையும் குளிசையைக் கடித்தோ இடித்தோ எடுத்தால் பல மணித்தியாலத்துக்குரியது முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

மூன்றாவது காரணம், உடம்பு பழகுவது. மோர்பீன் இன மருந்துகளுக்கு மூளை சில கிழமைகளிலேயே பழகத் தொடங்கும். 50 இல் வந்தது 100 இல்தான் வரும், பிறகு 200. வெளியாலே வாங்கும் கப்சியூலுக்குள் என்ன எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி இதற்கு மேலே.

எடுக்காத நாளில் முன்னைவிட விரைவாக முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். உங்கள் பழைய வருத்தம் முற்றிவிட்டது என்று நினைத்துத்தான் அளவைக் கூட்டப் பார்க்கிறீர்கள். அது வருத்தம் முற்றியதல்ல. மோர்பீன் இன மருந்து உடம்பில் குறையும்போது விந்து தானாகவே முந்தும், அது அந்த மருந்தின் விடுபடல் அறிகுறிகளில் ஒன்று. மூக்கால் நீர் வடிவது, கொட்டாவி, ரோமம் சிலிர்ப்பது, வயிற்றோட்டம், கால் ஒரு இடத்தில் கிடக்காமை, நித்திரை வராமை, காரணமில்லாத பதற்றம் இவையும் கூட வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு நேரம் தவறி அரை நாள், ஒரு நாளுக்குள் இவை தொடங்கி, ஒரு கப்சியூல் போட்டதும் அடங்கினால் சந்தேகமே வேண்டாம். குளிசை உண்டாக்கிய குறையைத்தான் குளிசை தீர்க்கிறது. ட்ரமடோல் முழுவதும் விட்டு சில கிழமை போனபிறகு வரும் நேரம்தான் உங்கள் உண்மையான நேரம்.

அந்த உண்மையான நேரம் என்ன? ஐந்து நாடுகளில் சோடிகளிடம் நிறுத்தல் கடிகாரம் கொடுத்து அளந்து 2005 இல் வெளிவந்த ஆய்வில், நடு அளவு 5.4 நிமிடம். பாதிப்பேர் அதற்குக் கீழே. ஆரம்பத்திலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, பிற்போடவும் முடியாமல், அதனால் மனம் நொந்திருந்தால்தான் பிறவியான விந்து முந்துதல் என்று வைத்தியத்தில் சொல்வார்கள். முன்பு நன்றாக இருந்து பிறகு மூன்று நிமிடம் அளவுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் அது இடையில் வந்தது, காரணம் தேடவேண்டியது. கைபேசியில் பார்க்கும் படங்களின் நேரத்தோடு ஒப்பிட்டால் ஊரிலுள்ள எல்லா ஆம்பிளைகளும் நோயாளிகள்தான். நீங்கள் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கா, களைத்துப்போய், பஸ்ஸால் இறங்கிய அன்று இரவு உள்ள கணக்கைச் சொல்கிறீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் தடவை விரைவாக முடிவது உடம்பின் இயல்பு. சீசன் முடிந்து வீட்டில் தொடர்ந்து நிற்கும் மாதத்தில் இரண்டாம், மூன்றாம் தடவை எவ்வளவு நேரம் என்பதைத்தான் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இனி ஆபத்து. மற்றவர்களைவிட உங்களுக்கு இது ஏன் கூட என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வன்னியில் உங்களைப்போல் பலர் இருக்கிறார்கள்.

ட்ரமடோல் வலிப்பை உண்டாக்கும். வைத்தியர் எழுதும் அளவிலும் அது நடந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்பது நோவுக்கான உச்ச எல்லை. அதற்குக் கீழே நின்றால் பயமில்லை என்பது, தலையில் காயமில்லாத, வேறு மருந்து எடுக்காத ஒருவருக்குக்கூட முழு உத்தரவாதம் இல்லை. உங்கள் தலைக்குள் ஷெல் துண்டு இருக்கிறது. அது மூளையைத் தொட்டிருந்தால் அந்த இடத்தைச் சுற்றி வடு இருக்கும், அந்த வடுவிலிருந்து வலிப்பு கிளம்பலாம். இத்தனை வருடம் வராதது இனி வராது என்று இல்லை. அதற்கு மேலே அமிட்ரிப்டிலின். அதுவும் வலிப்பு வரும் எல்லையைத் தாழ்த்துகிற மருந்து, அதுவும் செரட்டோனினோடு விளையாடுகிற மருந்து. நரம்பு நோவுக்கு 25 மில்லிகிராம் என்பது நல்ல, பழைய, நியாயமான வைத்தியம். கிளினிக்கில் அதை எழுதியவர் நீங்கள் வேறொன்றும் எடுப்பதை அறியாமல் எழுதியிருக்கிறார்.

போன மாதம் அந்த இரவு வேர்த்து, கை கால் உதறியது செரட்டோனின் மிகுந்ததன் தொடக்கமாக இருக்கலாம். விடுபடலிலும் வேர்க்கும். வித்தியாசத்தை நேரத்தைக் கொண்டு ஓரளவு பிரிக்கலாம். குளிசை எடுத்து, அல்லது அளவைக் கூட்டி, சில மணித்தியாலத்துக்குள் வேர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், குழப்பம், கால்கள் தாமாகவே துள்ளுவது என்று வந்தால் அது மிகுதல். குளிசை தவறி அரை நாளுக்குப் பிறகு வந்தால் விடுபடல். முதலாவது என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

மூச்சு இன்னொன்று. சாராயம், நித்திரைக் குளிசை, பிரகபலின் கப்சியூல் இவற்றோடு ட்ரமடோல் சேர்ந்தால் நித்திரைக்குள்ளேயே மூச்சு மெதுவாகி நின்றுபோகலாம். பிரகபலினும் இப்போது பொடியன்களிடம் ட்ரமடோலோடு சேர்ந்தே கைமாறுகிறது. ஆள் எழுப்ப எழும்பாமல், வழமையில்லாத குறட்டையோடு, உதடு நீலமாகி, கண்மணி குண்டூசித் தலைபோலச் சுருங்கியிருந்தால் ‘வெறி முறியட்டும்’ என்று விட்டுவிடக் கூடாது.

கொடீன் கலந்த பனடோல் வகையை மாற்றாக நினைக்கிறவர்களும் உண்டு. அதில் விந்தைப் பிற்போடும் செரட்டோனின் வேலையே கிட்டத்தட்ட இல்லை. ‘நிற்கும்’ என்று எண்ணி ஒரு கை நிறைய எடுக்கும்போது கூடவே இறங்கும் பரசிற்றமோல்தான் ஈரலைக் கெடுக்கும். ட்ரமடோலும் பரசிற்றமோலும் சேர்ந்த குளிசையும் இருக்கிறது. வழமையாக ஒன்றில் 325 மில்லிகிராம் பரசிற்றமோல். அதை ஆறு எடுத்துவிட்டு, காய்ச்சல் என்று பனடோல் 500 நாலு போட்டால் நாளின் உச்ச எல்லையான 4 கிராமைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுவீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

படுக்கைக்கு என்று தொடங்கியது படுக்கையையே கெடுக்கும் இடமும் இருக்கிறது. மாதக்கணக்கில் எடுத்தால் இந்த இன மருந்துகள் ஆண் ஹோர்மோனைக் குறைக்கும். ஆசை குறையும், விறைப்பு தளரும். அரை மணித்தியாலம் போயும் வராத நாட்களை வெற்றியாக எண்ண வேண்டாம். அது விந்து வெளிவராமையின் தொடக்கம், பிள்ளைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் நேரடியான தடை. உங்கள் மனைவி அதை எப்படி விளங்கிக்கொள்கிறார் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் ‘என்னில விருப்பமில்லை’ என்றுதான்.

வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியையும், வெறுமையான கப்சியூல் மட்டையையும் கொண்டு போங்கள். இப்படிச் சொன்னால் போதும்: “எட்டு மாதமாக நாளுக்கு 200 ட்ரமடோல் எடுக்கிறேன், அமிட்ரிப்டிலின் 25 உம் எடுக்கிறேன், தலைக்குள் துண்டு இருக்கிறது, போன மாதம் கை கால் உதறியது.” எதற்காகத் தொடங்கினீர்கள் என்று முதல் நாளே சொல்ல வெட்கமென்றால் நோவுக்கு என்று சொல்லுங்கள், பிறகு சொல்லலாம். ஆனால் அளவை மறைக்க வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்துப் பழக்கத்தை இறக்குவதும் அவர்கள் வேலைதான், அங்கே போனால் விசர் என்று அர்த்தமில்லை. போவதற்கு முன் யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுக்கலாம்.

குறைப்பது எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். முதலில் 200 ஐயும் நேரம் குறித்துப் பகலுக்குப் பிரிப்பார்கள், படுக்கைக்கு முன் என்ற கணக்கு போய்விடும். பிறகு ஒன்று அல்லது இரண்டு கிழமைக்கு ஒருக்கா 50 மில்லிகிராம் இறக்கலாம்: 150, 100, 50. கடைசி 50 தான் பலருக்குக் கஷ்டம், ஏனென்றால் அது மிச்சமுள்ளதன் முழுப் பங்கு. அந்தப் படியை இன்னும் சின்னதாக்கித் தருவார்கள். உங்கள் தலைக்காயத்தைப் பார்த்து, வாட்டில் வைத்து வேகமாக இறக்கவோ, வலிப்புக்கு மருந்து சேர்க்கவோ, அமிட்ரிப்டிலினை மாற்றவோ முடிவெடுக்கலாம். அமிட்ரிப்டிலினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவும் விறைப்பைத் தளர்த்தக் கூடியது என்பதால், அந்த முறைப்பாட்டையும் சேர்த்துச் சொன்னால் அளவை யோசிப்பார்கள். மெசின் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று அவரிடமே கேளுங்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்தால் உங்களுக்கு மட்டும் அல்ல, வயலில் நிற்பவர்களுக்கும் ஆபத்து.

மனைவியிடம் இதில் ஒன்றாவது சொல்லியாக வேண்டும், வலிப்பு வரக்கூடும் என்பதை. வந்தால் ஒருக்களித்துக் கிடத்தி, தலைக்குக் கீழே சீலை ஏதும் வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு 1990 க்கு அடிக்கச் சொல்லுங்கள். வாய்க்குள் கரண்டி வைப்பது பல்லை உடைக்கும். கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது, அது தானாக நிற்கும் நேரத்தில் திறப்புக்குப் பெயர் போகிறது, அவ்வளவுதான்.

வேறு நல்லது இருக்கிறது, ட்ரமடோல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தொடங்கக் கூடியதும் இருக்கிறது. உணர்வைச் சற்று மரக்கச் செய்யும் லிக்னொகெயின், பிரிலொகெயின் கலந்த பூச்சுமருந்து, ஒவ்வொன்றும் 2.5 சதவீதம். மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு கடலையளவு எடுத்து ஆணுறுப்பின் நுனியிலும் அதன் கீழ்ப்புறத்திலும் மெல்லியதாகப் பூசி, ஆணுறை போட்டு 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். பிறகு ஆணுறையைக் கழற்றி நன்றாகக் கழுவுங்கள். கழுவாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று வைத்தால் உங்களுக்கு உணர்வே போய் விறைப்பும் போகும், அதில்தான் பலர் பிழைவிட்டு ‘சரிவரேல்லை’ என்று எறிந்துவிடுகிறார்கள். முதல் தடவை 15 நிமிடத்தில் தொடங்கி, போதாவிட்டால் அடுத்த தடவை 20 ஆக்கிப் பாருங்கள். எரிவோ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

அதோடு நிறுத்தித் தொடங்கும் பயிற்சி. கையால், தனியாகவோ மனைவியோடோ. வந்துவிடும் என்ற கட்டத்தைப் பத்து என்று வைத்தால் ஏழில் நிறுத்த வேண்டும். ஒன்பதில் நிறுத்தினால் பிந்திவிட்டது. அரை நிமிடம் விட்டு, ஆசை பாதியாக இறங்கியதும் திரும்பத் தொடங்குங்கள். மூன்று தடவை நிறுத்தி, நாலாம் தடவை விடுங்கள். கிழமைக்கு மூன்று நாள், இரண்டு மூன்று மாதம். சீசனில் வெளியூரில் நிற்கும்போதும் இது செய்யலாம். இடைவெளி நீளாமல் இருக்கவும் உதவும், வீட்டுக்கு வரும் முதல் இரவின் அவசரம் அதனாலேயே பாதி குறையும்.

இதற்கும் போதவில்லை என்றால், நாளாந்தம் எடுக்கும் செரட்டலின், பரொக்செட்டின் போன்ற மருந்துகளோ, ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் முன்னர் எடுக்கும் டபொக்செட்டினோ இருக்கிறது. முதல் இரண்டும் வேலை காட்ட ஒன்று இரண்டு கிழமையாவது வேண்டும். இவற்றில் எதையும் ட்ரமடோல் முழுவதும் நின்று, வைத்தியர் சொல்லும் இடைவெளி போகும்வரை தொடக்கூடாது. ட்ரமடோலும் இவையும் செரட்டோனினைக் கூட்டுபவை, போன மாத இரவு திரும்பி வரலாம். அமிட்ரிப்டிலின் தொடர்ந்தால் இவற்றில் எது பொருந்தும் என்பதும் அவர் பார்க்க வேண்டியது. தைரொயிட் இரத்தப் பரிசோதனை ஒன்றையும் கேளுங்கள். தைரொயிட் கூடினாலும் விந்து முந்தலாம், அதற்கு வைத்தியம் செய்தால் பலருக்கு இதுவும் சேர்ந்து சரியாகும்.